இரண்டு ஆண்டுகளின் இலாபமும் ஒரு சமநிலைப் புள்ளியும்

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகமும் இந்திய அடக்கவிலைக் கணக்காளர் கழகமும் நடத்தும் இடைநிலைத் தேர்வுகளிலும், பல்கலைக்கழகங்களின் வணிகவியல் பட்டத் தேர்வுகளிலும், அடக்கவிலைக் கணக்கியல் தாளில் ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தின் இரண்டு ஆண்டு விற்பனைத் தொகையும் அந்தந்த ஆண்டின் இலாபமும் மட்டும் தரப்படும். அந்த நான்கு எண்களைக் கொண்டே நிறுவனத்தின் நிலையான செலவையும், இலாபமோ நட்டமோ இல்லாத விற்பனை அளவையும், குறிப்பிட்ட இலாபத்துக்கு வேண்டிய விற்பனையையும் மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடும் இந்தக் கணக்கு எளிதானது என்றே கருதப்படுகிறது. ஆனால் அந்த நான்கு எண்கள் எந்த நிபந்தனைகளுக்குட்பட்டு விடையைத் தருகின்றன என்பதை ஆராய்ந்தால், தேர்வுத்தாள் பேசாமல் விட்டுவிடும் ஒரு பெரிய பகுதி அதற்குள் அடங்கியிருப்பது தெரியவரும்.

எடுத்துக்காட்டாக, எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாக்களை மட்டும் செய்து விற்கும் ஒரு கற்பனைத் தொழிற்கூடத்தைக் கொள்ளலாம். முதல் ஆண்டில் அதன் விற்பனை ₹24,00,000, இலாபம் ₹1,50,000. இரண்டாம் ஆண்டில் விற்பனை ₹30,00,000, இலாபம் ₹3,30,000. விற்பனை ₹6,00,000 கூடியபோது இலாபம் ₹1,80,000 கூடியிருக்கிறது. கூடிய இலாபத்தைக் கூடிய விற்பனையால் வகுத்தால் 30 விழுக்காடு கிடைக்கிறது. இதுவே இலாப அளவு விகிதம் எனப்படுவது; வகுப்பறைகளில் இதைப் பி.வி. விகிதம் என்றே சொல்கிறார்கள். முதல் ஆண்டு விற்பனையில் 30 விழுக்காடு ₹7,20,000 ஆகும். அதிலிருந்து அந்த ஆண்டின் இலாபமான ₹1,50,000ஐக் கழித்தால் மிஞ்சும் ₹5,70,000 நிலையான செலவு. அதை 30 விழுக்காட்டால் வகுக்கும்போது வரும் ₹19,00,000 விற்பனையே சமநிலைப் புள்ளி, அதாவது மொத்த வருவாயும் மொத்தச் செலவும் சமமாக நிற்கும் இடம். இலாபம் ₹4,50,000 வேண்டுமென்றால், அதை நிலையான செலவோடு கூட்டி வரும் ₹10,20,000ஐ அதே விகிதத்தால் வகுத்து, ₹34,00,000 விற்பனை தேவை என்று விடை எழுதப்படும்.

இந்த வழி ஏன் செல்லுபடியாகிறது என்பதற்கு விடை, செலவுகளை அவற்றின் நடத்தையைக் கொண்டு பிரிக்கும் முறையில் இருக்கிறது. ஒரு டப்பாவின் விலை ₹200 என்றும், தகடு, மெருகு, துண்டுக்கணக்கில் தரப்படும் கூலி, அட்டைப்பெட்டி ஆகியவற்றுக்கு டப்பா ஒன்றுக்கு ₹140 ஆகிறது என்றும் வைத்துக்கொண்டால், இந்த ₹140 உற்பத்தியோடு சேர்ந்து ஏறி இறங்கும் மாறும் செலவு ஆகும். விலையிலிருந்து இதைக் கழித்தால் கிடைக்கும் ₹60க்குப் பங்களிப்பு என்று பெயர். கட்டட வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், எந்திரத் தேய்மானம், அலுவலகச் செலவு போன்று டப்பா ஒன்றும் விற்காவிட்டாலும் ஆண்டுதோறும் வந்து நிற்கும் ₹5,70,000ஐ ஈடுகட்டுவதற்கு ஒவ்வொரு டப்பாவும் தன் பங்காக ₹60 தருகிறது. 9,500 டப்பாக்கள் விற்றதும் அந்தக் கடன் தீர்ந்து, அடுத்த டப்பாவிலிருந்து ₹60 முழுவதும் இலாபமாகச் சேர்கிறது. முதல் ஆண்டில் 12,000 டப்பாக்களும் இரண்டாம் ஆண்டில் 15,000 டப்பாக்களும் விற்றிருப்பதால், கூடுதலாக விற்ற 3,000 டப்பாக்களின் பங்களிப்பான ₹1,80,000 அப்படியே இலாபத்தின் ஏற்றமாகத் தெரிகிறது. நிலையான செலவு இரண்டு ஆண்டுகளிலும் ஒன்றே என்பதால் கழித்தலில் அது மறைந்துவிடுகிறது, மாறியவை மட்டும் எஞ்சுகின்றன. வழிமுறையின் தந்திரம் முழுவதும் இவ்வளவுதான்.

தந்திரம் பலிக்க வேண்டுமானால் விலையும், ஓர் அலகின் மாறும் செலவும், மொத்த நிலையான செலவும் இரண்டு ஆண்டுகளிலும் மாறாதிருக்க வேண்டும் என்பதைப் பாடநூல்கள் எடுகோள்களாகப் பட்டியலிடுகின்றன. பட்டியலை மனப்பாடமாக எழுதும் மாணவர்கூட, அவற்றில் ஒன்று பிசகினால் விடை எவ்வளவு தூரம் விலகும் என்பதை எண்ணிப்பார்ப்பது அரிது. மேற்கண்ட தொழிற்கூடம் இரண்டாம் ஆண்டில் ஒரு டப்பாகூட அதிகம் விற்காமல் விலையை மட்டும் ₹220 ஆக்கியிருந்தால் விற்பனை ₹26,40,000, இலாபம் ₹3,90,000 என்றாகும். இரண்டிலும் ஏற்றம் ₹2,40,000தான் என்பதால் விகிதம் 100 விழுக்காடு என்று வரும்; அதாவது மாறும் செலவே இல்லாத ஒரு தொழில் என்று கணக்கு சாதிக்கும். சமநிலைப் புள்ளி ₹22,50,000 என்று அது காட்ட, உண்மையில் பங்களிப்பு ₹80 ஆக உயர்ந்ததால் 7,125 டப்பாக்களில், ₹15,67,500 விற்பனையிலேயே சமநிலை வந்துவிட்டிருக்கும்.

விலையேற்றம் உண்டாக்கும் பிழை இப்படி அபத்தமான விகிதமாக வெளிப்படும்போது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத பிழை சரக்கிருப்பிலிருந்து வருகிறது. பெரும்பாலான விடைத்தாள்கள் இதைத் தொடுவதே இல்லை என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

இலாபத்தை இரண்டு வகையில் கணக்கிடலாம். நிலையான செலவு முழுவதையும் அது நேர்ந்த ஆண்டிலேயே கழித்துவிட்டு, விற்காமல் கிடக்கும் சரக்கை மாறும் செலவு அளவில் மட்டும் மதிப்பிடுவது இறுதிநிலை அடக்கவிலை முறை. உற்பத்தி சார்ந்த நிலையான செலவையும் ஒவ்வோர் அலகின் மீதும் பங்கிட்டு ஏற்றி, விற்காத சரக்கின் மதிப்பிலும் அந்தப் பங்கைச் சேர்த்து அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்வது முழு அடக்கவிலை முறை. வெளியாருக்கு வழங்கும் நிதி அறிக்கைகளில் இரண்டாவதே விதி. சரக்கிருப்பு மதிப்பீடு பற்றிய இந்தியக் கணக்கியல் தரம் 2, உற்பத்தி நிலையான மேற்செலவுகளை இயல்பான உற்பத்தித் திறனின் அடிப்படையில் சரக்கின் மீது ஏற்ற வேண்டும் என்கிறது. ஆகவே ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலிருந்து எடுக்கப்படும் இலாபம் முழு அடக்கவிலை முறையில் வந்த இலாபமாகவே இருக்கும். சமநிலைக் கணக்கோ இறுதிநிலை முறையின் இலாபத்தைக் கருதி வகுக்கப்பட்டது. சரக்கிருப்பு மாறாதவரை இரண்டு இலாபங்களும் ஒன்றே. அது மாறிய கணத்தில் இரண்டும் பிரிகின்றன.

தொழிற்கூடத்தின் ₹5,70,000 நிலையான செலவில் ₹4,50,000 உற்பத்தியைச் சார்ந்தது, எஞ்சிய ₹1,20,000 அலுவலகத்தையும் விற்பனையையும் சார்ந்தது என்று கொள்ளலாம். இயல்பான திறன் ஆண்டுக்கு 18,000 டப்பாக்கள் என்றால், டப்பா ஒன்றுக்கு ₹25 நிலையான உற்பத்திச் செலவாக ஏற்றப்படும். முதல் ஆண்டில் 12,000 டப்பாக்கள் செய்து அவை அனைத்தும் விற்றன. அவற்றின் மீது ₹3,00,000 மட்டுமே ஏற்றப்பட்டது. ஏற்றப்படாமல் நின்ற ₹1,50,000 அந்த ஆண்டின் இலாபத்திலிருந்தே நேரடியாகக் கழிக்கப்பட்டது. எந்த முறையில் பார்த்தாலும் இலாபம் ₹1,50,000. இரண்டாம் ஆண்டில் 15,000 டப்பாக்கள் விற்றபோது தொழிற்கூடம் 18,000 டப்பாக்களைச் செய்துவிட்டது. மிஞ்சிய 3,000 டப்பாக்கள் தலைக்கு ₹25 வீதம் ₹75,000 நிலையான செலவைத் தம்மோடு சுமந்துகொண்டு இருப்புநிலைக் குறிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அந்த ₹75,000 இந்த ஆண்டின் இலாபத்திலிருந்து கழிக்கப்படாததால், ₹3,30,000 என்றிருக்க வேண்டிய இலாபம் ₹4,05,000 என்று அறிவிக்கப்படுகிறது.

இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு மாணவரோ மேலாளரோ பழைய வழியிலேயே கணக்கிட்டால், இலாபத்தின் ஏற்றம் ₹2,55,000 என்பதால் விகிதம் 42.5 விழுக்காடாகிறது. முதல் ஆண்டு விற்பனையில் அந்த விகிதம் ₹10,20,000. இலாபத்தைக் கழித்தால் நிலையான செலவு ₹8,70,000. சமநிலைப் புள்ளி ஏறத்தாழ ₹20,47,000. சமநிலைப் புள்ளி உண்மையிலிருந்து ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள்தான் விலகியிருக்கிறது என்பதால் பிழை சிறியதுபோலத் தோன்றும். ஆனால் நிலையான செலவு ₹3,00,000 மிகைப்பட்டிருக்கிறது, பங்களிப்பு விகிதமும் மிகைப்பட்டிருக்கிறது. இரண்டு பிழைகளும் வகுத்தலில் ஒன்றையொன்று பெரும்பாலும் தின்றுவிட்டதால் விடை மட்டும் உண்மைக்கு அருகில் நிற்கிறது. இந்த விகிதத்தை நம்பி ₹40,00,000 விற்பனைக்கு இலாபத் திட்டம் போட்டால் ₹8,30,000 இலாபம் எதிர்பார்க்கப்படும். அந்த விற்பனைக்குத் தேவையான 20,000 டப்பாக்களை அதே நிலையான செலவில் செய்துவிட முடியும் என்றே வைத்துக்கொண்டாலும் உண்மையில் கைக்கு வரக்கூடியது ₹6,30,000தான்.

மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படும் சரிபார்ப்பு இந்தப் பிழையைப் பிடிக்காது என்பது கவனிக்கத்தக்கது. முதல் ஆண்டிலிருந்து கண்ட நிலையான செலவை இரண்டாம் ஆண்டைக் கொண்டும் கண்டு, இரண்டும் ஒத்துப்போனால் விடை சரி என்று எழுதுவது வழக்கம். இங்கே ₹30,00,000இல் 42.5 விழுக்காடு ₹12,75,000. அதிலிருந்து ₹4,05,000ஐக் கழித்தால் அதே ₹8,70,000 வருகிறது. ஒத்துப்போனதில் வியப்பேதும் இல்லை. இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு நேர்கோடு வரைந்துவிட்டு, அந்தக் கோடு இரண்டாவது புள்ளியின் வழியாகப் போகிறதா என்று பார்ப்பது போன்றது அது; எந்த இரண்டு எண்களைக் கொடுத்தாலும் போகத்தான் செய்யும். கூட்டல் கழித்தல் தவறுகளை அந்தச் சரிபார்ப்பு காட்டும். தரவு இந்த முறைக்குப் பொருந்துவதா என்பதைக் காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை.

அதைக் காட்ட மூன்றாவது புள்ளி வேண்டும். மூன்றாம் ஆண்டிலும் தொழிற்கூடம் 15,000 டப்பாக்களையே விற்றது, ஆனால் தேங்கிய சரக்கைக் கரைப்பதற்காக 12,000 டப்பாக்களை மட்டும் செய்தது என்று கொண்டால், முன்னாண்டுச் சரக்கோடு வந்த ₹75,000 இந்த ஆண்டின் சுமையாகச் சேர்ந்து இலாபம் ₹2,55,000 ஆகக் குறைகிறது. விலை மாறவில்லை, விற்ற எண்ணிக்கை மாறவில்லை, செலவின் தன்மையும் மாறவில்லை. இருந்தும் அடுத்தடுத்த இரு ஆண்டுகளின் இலாபத்தில் ₹1,50,000 வேறுபாடு. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளை வைத்து விகிதம் காண முயன்றால் சுழியத்தால் வகுக்க நேரிட்டுக் கணக்கே நின்றுவிடும். இரண்டு ஆண்டுகளையும் கூட்டினால் எந்த முறையிலும் மொத்த இலாபம் ₹6,60,000 என்று ஒத்துப்போவது, வேறுபாடு முழுவதும் நிலையான செலவு ஓர் ஆண்டிலிருந்து மற்றோர் ஆண்டுக்கு நகர்ந்ததால் மட்டுமே வந்தது என்பதைக் காட்டுகிறது.

இந்தச் சிக்கல் இன்று நேற்று உணரப்பட்டதல்ல. 1936இல் அமெரிக்காவின் தேசிய அடக்கவிலைக் கணக்காளர் சங்கத்தின் இதழில் ஜொனாதன் ஹாரிஸ் எழுதிய கட்டுரை, விற்பனை ஏறிய மாதத்தில் இலாபம் ஏன் இறங்கியது என்று விளங்காமல் தவிக்கும் நிறுவனத் தலைவர் ஒருவரின் குழப்பத்திலிருந்தே தொடங்கி, நிலையான செலவைச் சரக்கின் மீது ஏற்றாத முறையை முன்வைத்தது. சமநிலைப் புள்ளி என்ற கருத்து அதற்கும் முந்தையது. ஜெர்மானிய மொழியில் எழுதிய வணிகவியல் பேராசிரியர் யோகான் ஃபிரெட்ரிக் ஷேர் 1911ஆம் ஆண்டு நூலில் அதைச் செத்த புள்ளி என்ற பெயரால் விளக்கினார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தொழிற்பொறியியல் பேராசிரியர் வால்டர் ராட்டன்ஸ்ட்ராச் வழியாக அதன் வரைபடம் அமெரிக்கத் தொழில் உலகில் பரவியது. புள்ளியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதற்குத் தகுந்த இலாபத்தை முதலில் வடித்தெடுப்பது வேறொரு வேலை என்பதை இந்த வரலாறும் உணர்த்துகிறது.

நடைமுறையில் பிழையை அறிய எளிய வழி, கணக்கிலிருந்து கிடைத்த நிலையான செலவைப் பேரேட்டோடு ஒப்பிடுவதுதான். வாடகை, சம்பளம், தேய்மானம், காப்பீடு ஆகிய கணக்குகளைக் கூட்டினால் ₹5,70,000 வரும் இடத்தில் வாய்பாடு ₹8,70,000 என்று சொன்னால், தொடக்கச் சரக்கிருப்பையும் இறுதிச் சரக்கிருப்பையும் தேடிப் பார்க்க வேண்டும். இறுதிச் சரக்கு 3,000 அலகு கூடியிருப்பது தெரிந்ததும், அவற்றின் மீது ஏற்றப்பட்ட ₹25ஐப் பெருக்கி, அறிவித்த இலாபத்திலிருந்து ₹75,000ஐக் கழித்த பிறகே வாய்பாட்டைத் தொட வேண்டும். சரக்கு குறைந்த ஆண்டாயின் அதே வகையில் கூட்ட வேண்டும். தேர்வுத்தாளில் சரக்கிருப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றால், உற்பத்தியும் விற்பனையும் சமம் என்று கொண்டதாக ஒரு வரி எழுதிவிட்டுத் தொடர்வதே முறை. அந்த வரியை எழுதும் மாணவர், வாய்பாட்டை மட்டும் அறிந்தவரிடமிருந்து வேறுபட்டவர்.

ஒரே பொருளை விற்கும் தொழிற்கூடம் தேர்வுத்தாள்களில்தான் அதிகம். இரண்டாவது பொருள் வந்தவுடன், இலாப அளவு விகிதம் என்பது பொருளுக்குரிய பண்பாக இல்லாமல் விற்பனைக் கலவைக்குரிய பண்பாகிவிடுகிறது. ₹200 டப்பாவோடு ₹100 விலையில் சிறிய டப்பா ஒன்றும் விற்கப்படுகிறது, அதன் மாறும் செலவு ₹55 என்றால், பெரியதன் விகிதம் 30 விழுக்காடு, சிறியதன் விகிதம் 45 விழுக்காடு. இரண்டும் 1:1 என்ற கலவையில் விற்கின்றன என்று வினா சொன்னால், பலர் இரண்டு விகிதங்களையும் கூட்டிப் பாதியாக்கி 37.5 விழுக்காடு என்று எழுதிவிடுகிறார்கள். கலவை விற்பனைத் தொகையில் சொல்லப்பட்டிருந்தால் அது சரி. எண்ணிக்கையில் சொல்லப்பட்டிருந்தால், பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் சேர்ந்த ஒரு ஜோடியின் விலை ₹300, பங்களிப்பு ₹105, விகிதம் 35 விழுக்காடு. நிலையான செலவு ₹5,67,000 என்று கொண்டால், முதல் வழியில் சமநிலை ₹15,12,000, இரண்டாம் வழியில் ₹16,20,000. அதாவது 5,400 ஜோடிகள். ஐயமிருந்தால் ஜோடிக் கணக்கில் எண்ணிப்பார்ப்பதே பாதுகாப்பானது: 5,400 பெரிய டப்பாக்களின் பங்களிப்பு ₹3,24,000, சிறியவற்றின் பங்களிப்பு ₹2,43,000, கூட்டினால் நிலையான செலவு துல்லியமாக ஈடாகிறது.

இரண்டு ஆண்டு வாய்பாட்டுக்கு இதனால் வரும் ஆபத்தும் வெளிப்படை. முதல் ஆண்டில் பெரிய டப்பாவும் இரண்டாம் ஆண்டில் சிறிய டப்பாவும் அதிகம் விற்றிருந்தால், விலையும் செலவும் மாறாமலே விகிதம் மாறியிருக்கும். இரண்டு ஆண்டுகளின் வேறுபாட்டிலிருந்து கிடைக்கும் எண் அந்த இரண்டு கலவைகளில் எதற்கும் உரியதாக இராது. பொருள்வாரியான விற்பனை விவரம் இல்லாத இடத்தில் ஒற்றைச் சமநிலைப் புள்ளியைக் கேட்பதே தவறான கேள்வி என்று சொல்வது மிகையாகாது.

நிலையான செலவும் எல்லா அளவிலும் நிலைத்து நிற்பதில்லை. எவர்சில்வர் தொழிற்கூடத்தில் இருக்கும் எந்திரங்களால் 18,000 டப்பாக்கள் வரைதான் செய்ய முடியும், அதற்கு மேல் ஒன்று வேண்டுமானாலும் இன்னொரு கொட்டகையும் அழுத்து எந்திரமும் மேற்பார்வையாளரும் சேர்ந்து ஆண்டுக்கு ₹6,00,000 கூடும் என்றால், 18,000இல் ₹5,10,000 இலாபம் காட்டிய தொழில் 18,001இல் நட்டத்துக்குப் போய்விடும். புதிய நிலையான செலவான ₹11,70,000ஐ ஈடுகட்ட 19,500 டப்பாக்கள் விற்க வேண்டும். ஆகவே இந்தத் தொழிலுக்கு 9,500, 19,500 என்று இரண்டு சமநிலைப் புள்ளிகள். வினாவில் இரண்டாவது எண்ணை மட்டும் கண்டு விரிவாக்கம் ஆதாயமானது என்று முடிவெழுதும் விடைகள் ஒரு படியைத் தாண்டிவிடுகின்றன. விரிவாக்கத்துக்கு முன் எட்டிய ₹5,10,000 இலாபத்தைத் திரும்பப் பெறவே 28,000 டப்பாக்கள் விற்க வேண்டும். சந்தையில் அவ்வளவு கொள்வோர் உண்டா, அதே ₹200 விலையில் கொள்வார்களா என்பதை விற்பனைப் பிரிவிடம்தான் கேட்க முடியும். விலையை ₹190 ஆக்கினால் பங்களிப்பு ₹50 ஆகச் சுருங்கி, வேண்டிய எண்ணிக்கை 33,600 ஆகிவிடும்.